ரத்தக் கணக்கு, இரும்புக் கணக்கு, சாப்பாட்டுக் கணக்கு

டிஸ்கி: இது வயிறு, கக்கூஸ் சம்பந்தப்பட்ட பதிவு. தட்டுல சோறோட உக்காந்திருக்கறவங்க அப்புறமா வந்து படிக்கவும். நான் பொட்டி தட்டறவன், டாக்டர் இல்லை. கீழே வர்ற மருந்தும் அளவும் எனக்கு எழுதினது. உங்க டாக்டர் உங்களுக்கு வேற எழுதலாம்.

அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்னு ஒரு வியாதி. பெருங்குடலோட உள்பக்கத் தோல் வீங்கிப் புண்ணாகி ரத்தம் கசியும். மலக்குடல்ல ஆரம்பிச்சு இடைவெளி விடாம மேல் நோக்கிப் பரவும். சிலருக்கு மலக்குடலோட நிக்கும், சிலருக்கு இடது பக்கம் வரைக்கும் போகும், சிலருக்கு முழுப் பெருங்குடலும் மாட்டும். எனக்கு 2021-ல கண்டுபிடிச்சாங்க, இடது பக்க வகை. மெசலமைன்னு ஒரு மாத்திரை, தினமும் சாப்பிடணும். மாசக்கணக்கா அடங்கிக் கிடக்கும், அப்புறம் ஒரு நாள் கிளம்பும். அந்தக் கிளம்பலைத்தான் ஃப்ளேர்ங்கறாங்க.

ஃப்ளேர் வந்துட்டா சுத்தி இருக்கற எல்லாரும் கேக்கற முதல் கேள்வி, "என்ன சாப்பிட்டே?" பக்கத்து சீட்டுக்காரர்ல இருந்து ஊர்ல இருக்கற பெரியம்மா வரைக்கும் இதே கேள்விதான். நியாயமான கேள்வி மாதிரிதான் தெரியும். ஆனா அதுக்குள்ள மூணு வேற வேற கேள்வி ஒட்டிக்கிட்டு இருக்கு. குடல் எவ்வளவு வீங்கியிருக்கு? உடம்புல எவ்வளவு ரத்தம், இரும்பு போயிருக்கு? எந்தச் சாப்பாடு தொந்தரவு தருது? இந்த மூணுக்கும் பதில் மூணு வேற வேற இடத்துல இருக்கு. ஒண்ணோட பதிலை இன்னொண்ணுக்குப் போட்டா கணக்கு உதைக்கும். 2024-ல எனக்கு வந்த ஃப்ளேரை வச்சு இதைச் சொல்லிப் பாக்கறேன். அப்ப எழுதி வச்ச நோட்டு கையில இருக்கு, அதனால தேதியும் எண்ணும் அதுலேர்ந்தே தர்றேன்.

முதல் கணக்கு: குடல் எவ்வளவு மோசம்?

2024 மே 18-ம் தேதி லேசா ரத்தக் கீற்று. டாக்டருக்கு போன் பண்ணினேன். அவர் முதல்ல கேட்டது சாப்பாட்டைப் பத்தி இல்லை. "மாத்திரை விட்டுப் போச்சா? ஆன்டிபயாடிக் ஏதாவது சாப்பிட்டீங்களா? மூட்டு வலி, பல் வலின்னு வலி மாத்திரை ஏதாவது?" இந்த மூணையும் கேக்கறதுக்குக் காரணம் இருக்கு. மெசலமைனை ஒழுங்கா சாப்பிடாட்டி வியாதி திரும்பறதுக்கு வாய்ப்பு கூடும். ஆன்டிபயாடிக் சாப்பிட்டா குடல்ல கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில்னு ஒரு கிருமி தலைதூக்கும், அதோட அறிகுறியும் ஃப்ளேர் மாதிரியேதான் இருக்கும். ஐபுப்ரொஃபென், டைக்ளோஃபெனாக் வகை வலி மாத்திரைகள் சிலருக்கு வியாதியைக் கிளப்பிவிடும். எனக்கு மூணுமே இல்லை. ஆனாலும் மலப் பரிசோதனை பண்ணச் சொன்னார், கிருமி இருக்கா, அமீபா இருக்கான்னு பாக்க. நம்ம ஊர்ல அமீபா ரொம்ப சகஜம். கிருமி இருக்கறப்ப அதைக் கவனிக்காம, வீக்கத்தை அமுக்கற ஸ்டீராய்டைக் கொடுத்தா ஆபத்து. ரிப்போர்ட் சுத்தமா வந்துது. தினம் 2.4 கிராமா இருந்த மாத்திரையை 4.8 கிராம் ஆக்கினார்.

ஆனா அடங்கலை. ஜூலை 16-ம் தேதி நேர்ல போனேன். அன்னைக்கு நோட்டுல இருந்த வரி இது:

```
16-07-2024 | பகல் 4 | இரவு 1 | ரத்தம் 2 | அவசரம் 2 | உடம்பு 1 | நாடி 84 | சுரம் இல்லை
```

இந்த எண்கள் நானா கண்டுபிடிச்சது இல்லை. 1998-ல வெளியான ஒரு எளிய மதிப்பெண் முறை. ஊசி, குழாய் எதுவும் வேண்டாம், நோயாளி சொல்றதை வச்சே போடலாம். பகல்ல 1 முதல் 3 தடவைன்னா 0 மார்க், 4 முதல் 6 தடவைன்னா 1, 7 முதல் 9 வரைக்கும் 2, அதுக்கு மேல 3. ராத்திரி தூக்கத்துலேர்ந்து எழுப்பினா அதுக்குத் தனி மார்க், 1 முதல் 3 தடவைக்கு 1. அவசரத்துக்கு 0-லேர்ந்து 3: வேகமா நடந்தா போதும்னா 1, உடனே ஓடணும்னா 2, அடக்க முடியாம போயிட்டா 3. ரத்தம் கீற்றா இருந்தா 1, அப்பப்ப நல்லாவே தெரிஞ்சா 2, பெரும்பாலும் அப்படின்னா 3. உடம்பு மொத்தத்துல எப்படி இருக்குங்கறதுக்கு 0-லேர்ந்து 4. மூட்டு வலி, கண் சிவப்பு மாதிரி வெளி அறிகுறி ஒவ்வொண்ணுக்கும் 1.

எனக்கு பகல் 1, இரவு 1, அவசரம் 2, ரத்தம் 2, உடம்பு 1. கூட்டினா 7. அஞ்சும் அதுக்கு மேலயும் வந்தா வியாதி கிளம்பியிருக்குன்னு எடுத்துக்கலாம். ரெண்டு வரைக்கும் அடங்கியிருக்குன்னு அர்த்தம்.

இதுல ஒரு நுணுக்கம். மலக்குடல் வீங்கியிருக்கறப்ப, உள்ள ஒண்ணுமே இல்லாட்டியும் வர்ற மாதிரியே இருக்கும். ஓடிப் போய் உக்காந்தா கொஞ்சம் சளியும் ரத்தமும் மட்டும் வரும். அதையும் எழுதணும், ஆனா "வெறும் சளி"ன்னு தனியா குறிச்சு வைக்கணும். ஏன்னா சிலருக்குக் கீழே வீக்கம், மேலே மலச்சிக்கல்னு ரெண்டும் சேர்ந்தே இருக்கும். வெறுமனே "இன்னைக்கு எட்டு தடவை"ன்னு சொன்னா டாக்டருக்கு அது பேதி மாதிரி கேக்கும்.

மார்க் போடறது வாரா வாரம் ஒப்பிட. உயிருக்கு ஆபத்தான்னு பாக்க வேற ஒரு பழைய அளவுகோல் இருக்கு. ஆக்ஸ்ஃபோர்டுல ட்ரூலவ், விட்ஸ்னு ரெண்டு டாக்டர்கள் 1955-ல வகுத்தது, இன்னைக்கும் அதைத்தான் பாக்கறாங்க. ஒரு நாளைக்கு ரத்தத்தோட 6 தடவையோ அதுக்கு மேலயோ போகணும். அதோட இந்த நாலுல ஏதாவது ஒண்ணு இருக்கணும்: சுரம் 37.8 டிகிரி செல்சியஸுக்கு மேல, நாடி 90-க்கு மேல, ஹீமோகுளோபின் 10.5-க்குக் கீழே, ஈ.எஸ்.ஆர். 30-க்கு மேல. இப்படி இருந்தா வீட்டுல வச்சுப் பாக்கக்கூடாது, ஆஸ்பத்திரியில சேத்துடணும்.

எனக்கு அன்னைக்கு எண்ணிக்கை பகலும் இரவும் சேர்த்து 5. சுரம் இல்லை, நாடி 84. ஆனா சாயங்காலம் வந்த ரத்த ரிப்போர்ட்ல ஹீமோகுளோபின் 9.8. அதாவது ரெண்டாவது நிபந்தனையில ஏற்கெனவே மாட்டியாச்சு. முதல் நிபந்தனைக்கு இன்னும் ஒரு தடவைதான் பாக்கி.

டாக்டர் போன்ல சொன்னது நோட்டுல அப்படியே இருக்கு: "தம்பி, இனிமே எண்ணிக்கைதான் முக்கியம். ரத்தத்தோட ஆறு போச்சுன்னா எனக்கு மெசேஜ் பண்ணிட்டு பதிலுக்குக் காத்திருக்காதீங்க. நேரா எமர்ஜென்சிக்கு வந்துடுங்க. வயிறு உப்பி வலிச்சாலும் அப்படித்தான். பேதியை நிறுத்தற மாத்திரையைக் கடையில வாங்கிப் போட்டுக்காதீங்க." அந்தக் கடைசி வாக்கியம் முக்கியம். லோபெரமைட் மாதிரி மாத்திரை குடலோட அசைவைக் குறைக்கும். கடுமையான ஃப்ளேர்ல அதைச் சாப்பிட்டா குடல் அசையாம ஊதிப் பெருத்துடற ஆபத்து இருக்கு.

மலத்துல கால்ப்ரொடெக்டின்னு ஒரு டெஸ்ட்டும் கொடுத்தார். குடல் சுவர்ல வீக்கம் இருந்தா ரத்தத்தோட வெள்ளை அணுக்கள் அங்க கூடும், அதுங்க விடற புரதம் இது. கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குள்ள இருந்தா நல்லது, 250-ஐத் தாண்டினா வீக்கம் இருக்குன்னு பொதுவா எடுத்துக்குவாங்க. எனக்கு 1,140. அதே நேரத்துல ரத்தத்துல சி.ஆர்.பி. வெறும் 11. இந்த வியாதியில சி.ஆர்.பி. பெருசா ஏறாமலே இருக்கலாம். அது கம்மியா இருக்கேன்னு நிம்மதி ஆகக்கூடாது.

ஆக முதல் கணக்கு முடிஞ்சுது: நடுத்தரமான ஃப்ளேர், கடுமைக்கு ஒரு படி கீழே. மருந்து, மாத்திரையோட கூட ராத்திரி தூங்கப் போறப்ப 4 கிராம் மெசலமைன் எனிமா. வியாதி இடது பக்கம் மட்டும் இருக்கறவங்களுக்கு மருந்து கீழேயிருந்தும் போனா நேரா புண்ணுல படும். கூச்சமா இருக்கும்தான். வேலை செய்யுதே :-)

ரெண்டாவது கணக்கு: இரும்பு எங்க போச்சு?

ஜூலை ரிப்போர்ட்டைப் பாத்தா ரெண்டு எண்ணுக்குத்தான் லேப்காரங்க தடிமனா கோடு போட்டிருந்தாங்க. ஹீமோகுளோபின் 9.8. சிவப்பணுவோட சராசரி அளவு 71, அதாவது அணுக்கள் சின்னதா இருக்கு. ஃபெரிட்டின் 38. அதுக்குக் கோடு இல்லை, ஏன்னா அந்த லேப்ல ஆம்பளைங்களுக்கு 30-க்கு மேல இருந்தா நார்மல்.

இங்கதான் விஷயம் இருக்கு. ஃபெரிட்டின்ங்கறது இரும்பைச் சேத்து வைக்கற புரதம். உடம்புல வீக்கம் இருந்தா இரும்பு இருக்கோ இல்லையோ ஃபெரிட்டின் தானா ஏறும். அதனால அமைதியா இருக்கற உடம்புல 30-க்குக் கீழே போனாத்தான் இரும்புப் பத்தாக்குறைன்னா, வீக்கம் இருக்கற உடம்புல 100 வரைக்கும் இருந்தாலும் பத்தாக்குறை இருக்கலாம். அதை உறுதிப்படுத்த டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் பாக்கணும். இரும்பை ரத்தத்துல சுமந்துட்டுப் போற வண்டியில எத்தனை சதவீதம் ஆள் ஏறியிருக்காங்கங்கற கணக்கு அது. 20 சதவீதத்துக்குக் கீழே போனா குறைவு. எனக்கு 8. வண்டி காலியா ஓடிட்டிருக்கு.

எங்க வீட்டுல உடனே முருங்கைக்கீரை வந்துது. தப்பில்லை, எனக்கும் பிடிக்கும். ஆனா ஒரு சின்ன கணக்கு போட்டுப் பாக்கலாம். 2023 டிசம்பர்ல, அடங்கியிருந்தப்ப, ஹீமோகுளோபின் 12.8. இப்ப 9.8. டெசிலிட்டருக்கு 3 கிராம் குறைஞ்சிருக்கு. என் எடைக்கு உடம்புல தோராயமா 4.2 லிட்டர் ரத்தம், அதாவது 42 டெசிலிட்டர். 42-ஐ 3-ஆல பெருக்கினா 126 கிராம் ஹீமோகுளோபின் காணோம். ஒரு கிராம் ஹீமோகுளோபின்ல 3.4 மில்லிகிராம் இரும்பு இருக்கு. ஆக சுமார் 430 மில்லிகிராம் இரும்பு போயாச்சு. சேமிப்புல குறைஞ்சது தனி.

சாதாரண சாப்பாட்டுலேர்ந்து குடல் ஒரு நாளைக்கு உறிஞ்சறது 1 முதல் 2 மில்லிகிராம்தான். அதுலயும் பெரும்பகுதி அன்னாடச் செலவுக்கே போயிடும். இன்னொரு பக்கம், ஒரு நாளைக்கு 10 மில்லி ரத்தம், அதாவது ரெண்டு டீஸ்பூன், கசிஞ்சாலே 3-லேர்ந்து 5 மில்லிகிராம் இரும்பு வெளியே போகுது. வரவு 2, செலவு 4. கீரையை எவ்வளவு கூட்டினாலும் இந்தப் பட்ஜெட்ல துண்டு விழத்தான் செய்யும்.

சரி, இரும்பு மாத்திரை? அதுலயும் ஒரு சிக்கல். வீக்கம் இருக்கறப்ப கல்லீரல் ஹெப்சிடின்னு ஒரு ஹார்மோனை அதிகமா விடும். அது குடல்ல இரும்பு உள்ள நுழையற கதவைச் சாத்திடும். சேமிப்புல இருக்கற இரும்பையும் வெளியே விடாது. அதனால மாத்திரையில பெரும்பகுதி உறிஞ்சப்படாம குடல்லயே கிடக்கும், வயித்தைப் புரட்டும். மலத்தையும் கறுப்பாக்கிடும், அப்புறம் நோட்டுல நிறத்தை எழுதறப்ப குழப்பம். வியாதி அடங்கியிருந்து சோகை லேசா இருந்தா மாத்திரை போதும். வியாதி கிளம்பியிருந்தாலோ, ஹீமோகுளோபின் 10-க்குக் கீழே போயிருந்தாலோ, நரம்பு வழியா ஏத்தறதுதான் முதல் வழின்னு ஐரோப்பிய வழிகாட்டுதல் சொல்லுது. எனக்கு ரெண்டுமே பொருந்துச்சு.

அளவுக்கும் ஒரு எளிய அட்டவணை இருக்கு. ஹீமோகுளோபின் 7-க்கும் 10-க்கும் நடுவுல, எடை 70 கிலோவுக்குக் கீழேன்னா மொத்தம் 1,500 மில்லிகிராம். எனக்கு அப்ப 61 கிலோ. ஜூலை 19-ம் தேதி ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ் 1,000 மில்லிகிராம், 26-ம் தேதி 500. ஒவ்வொரு தடவையும் மருந்து இறங்க கால் மணி நேரம், அப்புறம் அலர்ஜி வருதான்னு பாக்க அரை மணி நேரம் உக்கார வச்சாங்க. 

வேலை செஞ்சுதான்னு எப்படித் தெரியும்? நாலு வாரத்துல ஹீமோகுளோபின் குறைஞ்சது 2 ஏறணும். ஏறலைன்னா இன்னும் ரத்தம் போயிட்டு இருக்கு, இல்லாட்டி காரணம் வேற எங்கயோ இருக்கு: பி12, ஃபோலேட், பிறவியிலயே வர்ற தலசீமியா தன்மை, சாப்பிடற வேற மருந்து. எனக்கு ஆகஸ்ட் 16-ல 12.1. அதாவது 2.3 ஏறியிருக்கு. ஃபெரிட்டினை மட்டும் அவசரப்பட்டுப் பாக்கக்கூடாது. ஊசி போட்ட சில வாரத்துக்கு அது பொய்யா எகிறி நிக்கும். எட்டு முதல் பன்னெண்டு வாரம் கழிச்சுப் பாத்தாத்தான் உண்மை தெரியும்.

இன்னொண்ணு. அந்த ஜூலையில மெட்ரோ ஸ்டேஷன் படி ஏறினா மூச்சு வாங்கும், மத்தியானம் மீட்டிங்ல கண்ணு சொருகும். எல்லாரும் "வயிறு சரியில்லை, அதான் சோர்வு"ன்னாங்க. ஆகஸ்ட் முதல் வாரத்துல வயிறு இன்னும் சரியாகலை, ரத்தம் வந்துட்டுதான் இருந்துது, ஆனா படி ஏற முடிஞ்சுது. சோர்வுக்கு இரும்புதான் பெரிய காரணம்னு அப்பத்தான் பிரிச்சுப் பாக்க முடிஞ்சுது.

மூணாவது கணக்கு: சாப்பாடு

இப்ப கொஞ்சம் பின்னாடி போகலாம். ஜூன் 20-ம் தேதி அம்மா ஊர்லேர்ந்து வந்தாங்க. வந்த அன்னைக்கே ஃப்ரிட்ஜ் கதவுல ஒரு லிஸ்ட் ஒட்டியாச்சு. காரம் கூடாது, பால் கூடாது, காபி கூடாது, பருப்பு வாயு, முட்டை சூடு, மீன் சூடு, கத்திரிக்காய் அரிப்பு, வெங்காயம், தக்காளி, கீரை... எண்ணிப் பாத்தா 17. மிச்சம் இருந்தது இட்லி, கஞ்சி, இடியாப்பம், கொஞ்சம் ரசம் மாதிரி ஒண்ணு. புளி, மிளகாய், பூண்டு இல்லாத அதை ரசம்னு சொல்ல எனக்கு மனசு வரலை :-) அம்மாவுக்குப் புள்ளை கண்ணு முன்னாடி இளைக்கறான், கையில இருக்கற ஒரே ஆயுதம் சமையல். அதைக் குத்தம் சொல்ல முடியாது.

ஜூலை 16-ல டாக்டர் லிஸ்டைப் பாத்துட்டு அம்மாகிட்ட மரியாதையா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இது எந்தத் தேதியில ஆரம்பிச்சதும்மா?" அப்புறம் என் நோட்டைத் திருப்பினார். லிஸ்டுக்கு முந்தின 14 நாள்ல ரத்தம் வந்த நாள் 12. லிஸ்டுக்கு அப்புறம் 14 நாள்ல 13. எடை 65-லேர்ந்து 61. "வாயு குறைஞ்சிருக்கலாம். ரத்தம் குறையலை. பருப்பு, முட்டை, மீன் மூணையும் இன்னைக்கு ராத்திரிலேர்ந்தே திருப்பிக் குடுங்கம்மா. புண்ணு ஆறப் புரதம் வேணும்."

அம்மா கேட்டாங்க, "சாப்பிட்ட உடனே ஓடறானே டாக்டர், அப்ப அது ஒத்துக்கலைன்னுதானே அர்த்தம்?" இந்தக் கேள்விதான் எல்லா லிஸ்டுக்கும் தாய். வயித்துல எது விழுந்தாலும் பெருங்குடல் சுருங்கும், அது எல்லா மனுஷங்களுக்கும் இருக்கற ஒரு அனிச்சைச் செயல். புண்ணா இருக்கற குடல்ல அது பலமாத் தெரியும். இட்லி சாப்பிட்டாலும் அரை மணி நேரத்துல ஓட வேண்டி வரும். ஆனா அப்ப வெளியே போறது அந்த இட்லி இல்லை. சாப்பாட்டோட சக்கை முழுக் குடலையும் தாண்டி வெளியே வர சாதாரணமா ஒரு நாளுக்கு மேல ஆகும், ஃப்ளேர்ல கொஞ்சம் சீக்கிரம் வரலாம். கடைசியா சாப்பிட்டதைக் குத்தவாளி ஆக்கினா, தினம் ஒரு குத்தவாளி சிக்குவான். லிஸ்ட் வளந்துட்டே போகும், சுருங்கவே சுருங்காது.

கண்ணும் ஏமாத்தும். தக்காளித் தோல், காஞ்ச மிளகாய்த் தோல் செரிக்காம அப்படியே வரும், பாக்க ரத்தக் கீற்று மாதிரி இருக்கும். பீட்ரூட் சாப்பிட்டா சொல்லவே வேண்டாம். அதனால அதைச் சாப்பிட்ட நாளை நோட்டுல குறிச்சு வைக்கணும்.

இதுல இன்னொரு பொறி இருக்கு. எனிமா ஆரம்பிச்சது ஜூலை 17. ரத்தம் முழுசா நின்னது ஆகஸ்ட் 14. அந்த 17 அயிட்டம் லிஸ்டை ஜூன் 20-க்குப் பதிலா ஜூலை 17-ல ஒட்டியிருந்தா, ரத்தம் நின்ன புகழ் முழுக்க லிஸ்டுக்குப் போயிருக்கும். ஆயுசுக்கும் கத்திரிக்காய் கிடையாது. புரோகிராம்ல பக் தேடறப்ப ஒரே நேரத்துல நாலு இடத்துல கை வச்சா, சரியானாலும் எதனால சரியாச்சுன்னு தெரியாதில்லையா, அதே கதைதான். நல்லவேளையா, பருப்பும் மீனும் திரும்பி வந்த அதே வாரங்கள்லதான் ரத்தம் குறைஞ்சுது. அதனால அந்த ரெண்டு மேலயும் இருந்த பழி தானா விலகிடுச்சு.

மிச்ச சந்தேகக் கேஸ்களை ஃப்ளேர் நடுவுல சோதிக்கக்கூடாதுன்னார் டாக்டர். இரைச்சலான கல்யாண மண்டபத்துல கொசு சத்தம் கேக்குதான்னு பாக்கற மாதிரி அது. அக்டோபர் நடுவுல ஹீமோகுளோபின் 13.8, ஃபெரிட்டின் 140, கால்ப்ரொடெக்டின் 95. குடல் அடங்கியாச்சு. அப்ப ஆரம்பிச்சேன். ஒரு நேரத்துல ஒரே ஒரு பொருள். மூணு நாள், முதல் நாள் கொஞ்சம், ரெண்டாம் நாள் பாதி, மூணாம் நாள் வழக்கமா சாப்பிடற அளவு. அந்த மூணு நாளும் வேற எதையும் மாத்தறதில்லை. தொந்தரவு வந்தா ஒரு வாரம் விட்டு மறுபடி சோதிக்கறது. மூணுல ரெண்டு தடவை அதே தொந்தரவு வந்தாத்தான் தீர்ப்பு.

பால்: ஒரு முழு டம்ளர் குடிச்சா மூணுல ரெண்டு தடவை வயிறு இரைச்சல், இளக்கம். ரத்தம் இல்லை. தயிர், மோர் எவ்வளவுன்னாலும் ஒண்ணும் ஆகலை. காபியில விடற பாலும் பிரச்சனை பண்ணலை. அப்ப இது பாலோட லாக்டோஸ் செரிக்காத சமாச்சாரம், நம்ம பக்கம் ஏகப்பட்ட பேருக்கு இருக்கறது. கொலைட்டிஸோட சம்பந்தமில்லை. தயிர் இருக்கறதால கால்சியத்துக்கும் குறைவில்லை.

பச்சை வெங்காயம்: பச்சடியா ஒரு கிண்ணம் சாப்பிட்டா வாயு, மூணு தடவையும். சாம்பார்ல வெந்த சின்ன வெங்காயம் நாலஞ்சு போட்டா ஒண்ணுமில்லை. அப்ப அளவுதான் விஷயம்.

காரம்: மறுநாள் காலையில எரிச்சல். மிளகாயோட காரம் நரம்பைத் தூண்டறதால வர்ற எரிச்சல் அது. ரத்தம் இல்லை, எண்ணிக்கை கூடலை. மத்த 14-க்கு எதுவுமே இல்லை. கத்திரிக்காய் உள்பட. எல்லாத்தையும் சாப்பிட ஆரம்பிச்சு ஆறு வாரம் கழிச்சு கால்ப்ரொடெக்டின் 88. நாக்கும் வயிறும் சொல்றது தொந்தரவு, அந்த எண் சொல்றது வீக்கம். தொந்தரவு தர்ற சாப்பாட்டைக் குறைச்சுக்கறது என் சௌகரியம். வீக்கத்துக்கு அதுதான் காரணம்னு சொல்ல அந்த எண்ணும் சேர்ந்து ஏறணும்.

கட்டுப்பாடே கூடாதுன்னு சொல்ல வரலை. கடுமையான ஃப்ளேர்ல தோலும் விதையும் உள்ள பச்சைக் காய், பழத்தைக் கொஞ்ச நாள் தள்ளி வச்சா வலி குறையும். குடல் சுருங்கிப் போனவங்களுக்கு நார் அடைச்சுக்கும், அவங்களுக்கு டாக்டர் தனியா சொல்லுவார். நிஜமான அலர்ஜி இருந்தா அது வேற. ஆனா எதை நிறுத்தினாலும் பக்கத்துலயே எந்தத் தேதி வரைக்கும்னு எழுதணும். எங்க வீட்டு ஃப்ரிட்ஜ்ல இப்ப அந்தப் பழக்கம் வந்தாச்சு. அம்மா ஒட்டற எந்தச் சீட்டுலயும் காலாவதித் தேதி இருக்கும்.

நோட்டுக்கு

தினப் பக்கத்துல மேலே காட்டின மாதிரி ஒரு வரி போதும், ஒரு நிமிஷம்கூட ஆகாது. வெறும் சளி மட்டும் போனா தனியா. புது மருந்து, ஆன்டிபயாடிக், வலி மாத்திரை, விட்டுப் போன வேளை எல்லாம் தேதியோட. சாப்பாட்டுல முழு மெனு எழுத வேண்டாம், மாறினதை மட்டும் எழுதினா போதும். முழு மெனு எழுத ஆரம்பிச்சா நாலு நாள்ல அலுத்துடும், அஞ்சாம் நாள் ஒவ்வொரு கவளமும் பயமுறுத்தும்.

பின்பக்கத்துல ரத்த ரிப்போர்ட்டுக்கு ஒரு கட்டம். தேதி, ஹீமோகுளோபின், அணு அளவு, ஃபெரிட்டின், சாச்சுரேஷன், சி.ஆர்.பி., கால்ப்ரொடெக்டின், எடை. லேப்காரங்க போடற கோட்டை நம்பாம, போன தடவையோட ஒப்பிட இது உதவும். இரும்பு ஏத்தின முதல் வருஷம் மூணு மாசத்துக்கு ஒரு தடவை பாக்கணும், ஏன்னா இந்தச் சோகை திரும்பி வர்ற ரகம்.

முன்னட்டையில பெருசா ஒரு வரி: ரத்தத்தோட 6, கூடவே சுரம், நாடி 90, இல்ல ஹீமோகுளோபின் 10.5-க்குக் கீழே - கிளம்பு. அந்த ஜூலையில ஒன்பது நாள் எண்ணிக்கை 5-லயே நின்னுட்டு இருந்துது. ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து அஞ்சுங்கற கோடு போடறப்ப கை கொஞ்சம் நடுங்கும். ஆறாவது கோடு விழலை. விழுந்திருந்தா என்ன பண்ணணும்னு வீட்டுல எல்லாருக்கும் தெரிஞ்சிருந்துது, பை கதவோரம் இருந்துது.

பி.கு: இதே வியாதியோட யாராவது இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. பேர் போட வேண்டாம், அனானியாவே வாங்க. உங்க லிஸ்ட்ல எத்தனை அயிட்டம், எந்தத் தேதியில ஆரம்பிச்சது, முன்னாடி 14 நாள் எப்படி, அப்புறம் 14 நாள் எப்படி? அது இருந்தா போதும். கத்திரிக்காய் கொத்சு செய்முறை கேட்டவங்களுக்கு அடுத்த பதிவு.